நான்கு நாளில் மூன்று மலை வேண்டாம்: நமது சங்கத்தின் பயணக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயணக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வரும் ஜனவரி மாத இருசக்கர வண்டிப் பயணத்துக்காக நீங்கள் தயாரித்து அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை படித்தேன்; மூன்றாம் முறை, பழைய சாலை வரைபடத்தையும் என் நோட்டுப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அதில் உங்களுடைய உழைப்பு தெரிகிறது. ஆனால் அந்தத் திட்டப்படி நாம் புறப்படக் கூடாது என்பதே என் கருத்து. இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். அங்கே எனக்குக் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் கணக்கைக் காட்ட முடியாது என்பதால், எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

நம் பயணங்களில் ஸ்வீப், அதாவது கடைசி வண்டி, பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்துவருகிறது. முன்னால் போகிறவர் சாலையைப் பார்க்கிறார். கடைசியில் வருகிறவன் சக பயணிகளின் முதுகைப் பார்க்கிறான். யார் எப்போது களைத்தார், எந்தத் தேநீர்க் கடையில் எத்தனை நிமிடம் போயிற்று, எந்த வளைவில் யாருடைய வண்டி நடுக்கோட்டைத் தாண்டியது என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். அவற்றை நான் குறித்தும் வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பேசுகிறேன்.

உங்கள் திட்டம் இது. முதல் நாள் திருச்சியிலிருந்து கொடைக்கானல். இரண்டாம் நாள் கொடைக்கானலிலிருந்து பழனி, உடுமலை வழியாக மூணாறு, மாலையில் டாப் ஸ்டேஷன். மூன்றாம் நாள் மூணாறிலிருந்து வால்பாறை, அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி. நான்காம் நாள் அதிரப்பள்ளியிலிருந்து பாலக்காடு, பொள்ளாச்சி வழியாக வீடு. மொத்தம் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 275 கிலோமீட்டர்தானே, நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரம்தானே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் இந்த 275-இல் பாதிக்கு மேல் நெடுஞ்சாலையில் இல்லை.

இந்த மூன்று மலைகளும் வரைபடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. வால்பாறையிலிருந்து மூணாறுக்குப் பறவை பறந்தால் 30 கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியும், இரவிகுளம் தேசியப் பூங்காவும், ஆனைமலைக் காடும் கிடக்கின்றன, நேர்ச்சாலை கிடையாது. மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைச் சமவெளிக்கு முழுவதும் இறங்கி, ஆழியாறு வரை போய், மறுபடி முழுவதும் ஏறினால்தான் வால்பாறை. அது 170 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் இதே கதைதான். பேரிஜம் ஏரி வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய மலைச்சாலை வாகனங்களுக்கு மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே அங்கும் முழுவதும் இறங்கி, முழுவதும் ஏற வேண்டும். பயணத் திட்டத்தில் மூன்று ஊர்ப் பெயர்கள் அடுத்தடுத்து வருவது எழுதுவதற்கு எளிது. ஓட்டுகிறவருக்கு அது மூன்று ஏற்றம், மூன்று இறக்கம்.

இனி வேகம். நம் சங்கத்தில் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருப்பவை பன்னிரண்டு வண்டிகள். அவற்றில் ஐந்தில் பின்னிருக்கையில் ஆள் உண்டு. 350 சிசி வண்டிகள் நான்கு, 150 சிசி வகை ஆறு, மிச்சம் இரண்டு ஸ்கூட்டர்கள். இப்படிப்பட்ட கலவையான குழு சமவெளியில், சிறு ஊர்களும் வேகத்தடைகளும் சேர்ந்த சாலையில், ஓடும் நேரத்தில் மட்டும் மணிக்கு 42 கிலோமீட்டர் தருகிறது. மலைச்சாலையில் 22. இவை நின்ற நேரத்தைக் கழித்துவிட்டு நான் கணக்கிட்ட சராசரிகள். உங்களில் சிலர் தனியாகப் போனால் மலையில் 35 கூடத் தொடுவீர்கள், மறுக்கவில்லை. ஆனால் குழுவின் வேகம் என்பது ஸ்கூட்டரில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு ஏறுகிற உறுப்பினரின் வேகம்.

நின்ற நேரத்தைப் பற்றி ஒரு சொல். பத்து நிமிடம் என்று சொல்லி நிறுத்தும் தேநீர் இடைவேளை, பன்னிரண்டு வண்டிகளுக்கு இருபத்தைந்து நிமிடத்துக்குக் குறைந்து என் குறிப்பில் ஒரு முறைகூட இல்லை. முதலில் வந்தவர் குடித்து முடித்துவிட்டு நிற்பார். கடைசியில் வந்த எனக்கு அப்போதுதான் டம்ளர் கைக்கு வரும். ஒருவர் கழிப்பறை தேடிப் போயிருப்பார். எல்லாரும் ஹெல்மெட் மாட்டி வண்டியை உதைத்த பின் ஒருவர் கையுறையைக் கடையிலேயே வைத்துவிட்டதாகச் சொல்லுவார். அந்த ஒருவர் நானாகவும் இருந்திருக்கிறேன்.

இந்த எண்களை உங்களுடைய இரண்டாம் நாளில் பொருத்திப் பார்ப்போம். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்குவது 65 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். பழனியிலிருந்து உடுமலை ஏறத்தாழ 35, ஐம்பது நிமிடம். உடுமலையிலிருந்து சின்னாறு சோதனைச்சாவடி வரை சமவெளி 30 கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அங்கிருந்து மூணாறு வரை ஏற்றம் 58, இரண்டு மணி நாற்பது நிமிடம். ஓடும் நேரம் மட்டும் ஏழு மணி பத்து நிமிடம் ஆகிறது. காலை உணவு, மதிய உணவு, இரண்டு தேநீர், சோதனைச்சாவடிகள் எல்லாம் சேர்ந்து இரண்டு மணி ஐம்பது நிமிடம். ஆக பத்து மணி நேரம். எட்டு மணிக்குப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்கு மூணாறு. ஜனவரியில் ஆறரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். மாலையில் பார்ப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் டாப் ஸ்டேஷன், மூணாறிலிருந்து போகவர அறுபது கிலோமீட்டருக்கு மேல். அதை யார், எப்போது, எந்த வெளிச்சத்தில் பார்ப்பது?

மூன்றாம் நாள் இதைவிட மோசம். மூணாறிலிருந்து சின்னாறு இறக்கம், ஆழியாறு வரை 75 கிலோமீட்டர் சமவெளி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கிலோமீட்டர் ஏற்றம். இவற்றுக்கே ஓடும் நேரம் ஆறு மணி இருபது நிமிடம். இரண்டு மணி நேர நிறுத்தங்களையும் சேர்த்தால் எட்டு மணிக்குப் புறப்பட்டவர்கள் நாலு மணி இருபது நிமிடத்துக்கு வால்பாறை பேருந்து நிலையத்தில் இருப்போம். அங்கிருந்து மளுக்கப்பாறை மேலும் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதற்கு அப்பால் வாழச்சால் வரை அடர்காடு. யானை நடமாட்டம் உள்ள சாலை. இருட்டுவதற்குள் மறுமுனையில் வெளியேற முடியாத வண்டியை வனத்துறைச் சாவடியில் உள்ளே விடமாட்டார்கள், விடக் கூடாதும்கூட. அப்படியானால் ஐந்தரை மணிக்குப் பன்னிரண்டு வண்டிகளோடு சாவடியில் நின்று, முன்பணம் கட்டிய அதிரப்பள்ளி விடுதியை நினைத்துக்கொண்டு, அறை பதிவு செய்யாத வால்பாறைக்கு இருட்டில் திரும்ப வேண்டியிருக்கும். இது துரதிர்ஷ்டம் வந்தால் நடப்பது அல்ல. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நடப்பது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கிய அந்த மாலையை உங்களில் பாதிப்பேருக்காவது நினைவிருக்கும். அன்றும் திட்டத்தில் ஒரு ஊர் அதிகம். மதிய உணவே மூன்று மணிக்குத்தான் முடிந்தது. இருட்டுவதற்குள் பழனி என்று எல்லாரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு இறங்கினோம். எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர், இருவர். ஏறத்தாழ ஐந்தாறு வளைவுகளாக அந்த ஸ்கூட்டரின் பின்சிவப்பு விளக்கு அணையவேயில்லை என்பதைக் கவனித்தேன். வளைவுக்கு முன் எரிந்து, வளைவு முடிந்ததும் அணைய வேண்டிய விளக்கு அது. நேர்ச்சாலையிலும் எரிந்தபடியே இருந்தது என்றால், ஓட்டுகிறவர் பிரேக்கை விடவே இல்லை என்று பொருள். பிறகு கருகின வாடை வந்தது. நான் ஹாரன் அடித்து நிறுத்தச் சொல்லுவதற்குள் அடுத்த வளைவில் அவருடைய லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது, பிடிப்பு இல்லை. அவர் நிதானமானவர், பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கத்து வடிகாலில் வண்டியை விட்டார். பின்னிருக்கையில் இருந்த அம்மையாருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். அவ்வளவோடு போயிற்று.

அதில் ஓட்டியவர் பிழை ஏதுமில்லை என்றே நான் இன்றும் சொல்வேன். கியர் வண்டியில் இரண்டாம் கியரில் போட்டால் இறக்கத்தில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். ஸ்கூட்டரில் கியர் இல்லை. வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விடுபட்டு, வண்டி சைக்கிள்போல் உருளத் தொடங்கிவிடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல். டிரம் பிரேக்கின் லைனிங் சூடேறினால் உராய்வு குறையும், மேலும் அழுத்துவோம், மேலும் சூடேறும். இதற்கு மருந்து நேரம் ஒன்றுதான். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், காற்றிலேயே ஆறவிட வேண்டும். மணிக்கு 22 கிலோமீட்டர் என்ற என் சராசரியில் இந்த ஆறவிடும் நேரம்கூடச் சேரவில்லை. பிந்திவிட்டோம் என்ற அவசரம் உள்ள குழுவில் ஸ்கூட்டர்க்காரர் நிறுத்த வெட்கப்படுவார். அன்று அவர் வெட்கப்பட்டார் என்று பிறகு என்னிடம் அவரே சொன்னார்.

ஆகவே என் மாற்றுத் திட்டம். நாள்கள் ஏழு, தூரம் ஏறத்தாழ 730 கிலோமீட்டர், மலைகள் மூன்றல்ல, இரண்டு. கொடைக்கானலை விட்டுவிடுகிறோம். அதை விடுவதில் எனக்கு வருத்தமில்லை. திருச்சிக்காரர்களுக்கு அது வாரக்கடைசியில் போய்வரும் ஊர். தவிர 2024 மே மாதத்திலிருந்து அங்கே இ-பாஸ் நடைமுறையும் இருக்கிறது. அதிரப்பள்ளியையும் விடுகிறோம், அருவி நிறைந்து கொட்டுவதைப் பார்க்க ஜனவரி ஏற்ற மாதமும் அல்ல.

முதல் நாள் திருச்சியிலிருந்து திண்டுக்கல், தேனி வழியாகப் போடிநாயக்கனூர், 190 கிலோமீட்டர். பெரும்பகுதி நல்ல சாலை. ஆறரைக்குப் புறப்பட்டால் ஒரு மணி அளவில் போடியில் இருப்போம். இதைப் படித்ததும் உங்களில் ஒருவர் கேட்கப்போவது எனக்குக் கேட்கிறது: ஒரு மணிக்கே நிறுத்துவானேன், அன்றே மூணாறு ஏறிவிடலாமே? ஏறலாம். மாலை ஐந்தரைக்குப் போய்ச் சேரவும் செய்வோம். ஆனால் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நம் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மேலே போகும் ஜீப்புகள், பிற்பகலில் அவ்வளவும் அதே வளைவுகளில் கீழே இறங்கும். வேலை முடித்து வீடு திரும்பும் அவசரம் அவர்களுடையது, சாலையும் அவர்களுடையதுதான். நாம் எதிரே ஏறிக்கொண்டிருந்தால் இருவருக்கும் தொந்தரவு. மேலும் போடிமெட்டுச் சரிவு கிழக்கு நோக்கியது; காலை வெயில் அந்தச் சுவர் முழுவதும் விழும், கீழே போடிச் சமவெளி கண்மாய் கண்மாயாக மின்னும். பிற்பகலில் அதே சரிவு மலையின் நிழலுக்குள் போய்விடும். போடியில் கிடைக்கும் அந்தப் பிற்பகலில் செயின் இறுக்கம், பிரேக், டயர் காற்று மூன்றையும் பார்த்துவிடலாம். குறை இருந்தால் பட்டறை இருக்கும் ஊரிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள் 68 கிலோமீட்டர்தான். ஜீப்புகள் போய் முடிந்தபின் எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு, பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, கேப் ரோடு, தேவிகுளம், மூணாறு. ஓடும் நேரம் மூன்று மணி. நிற்கும் நேரத்துக்கு இரண்டு மணியை நான் வேண்டுமென்றே ஒதுக்கியிருக்கிறேன். ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் கரையில் தேயிலை தண்ணீர் விளிம்பு வரை இறங்கி நிற்கும். அங்கே வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இரண்டு மாதம் முன்பே விடுப்பு எழுதிக் கொடுத்து, வங்கியில் பணம் எடுத்து, மலைக்குப் போவது அதற்காகத்தானே. சின்னக்கானல் சுற்றுவட்டாரம் யானைகள் உலவும் இடம். 2023-இல் அரிக்கொம்பன் என்ற யானையை அங்கிருந்துதான் பிடித்து இடம் மாற்றினார்கள். அதனால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே இந்தப் பாதை.

மூன்றாம் நாள் மூணாறில் ஓய்வு. ஓய்வு நாள் என்பதை நாம் இதுவரை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். "அருகிலுள்ள இடங்களைப் பார்ப்பது" என்று போட்டு, அதிலும் 100 கிலோமீட்டர் ஓட்டிவிடுகிறோம். நான் கேட்பது சாவியை அறையிலேயே விட்டுவிடும் நாள். இரவிகுளத்துக்கு எப்படியும் வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிப்போவார்கள்; அங்கே வரையாடு நம் கையெட்டும் தூரத்தில் மேயும். ஜனவரி ஏன் என்றால், வரையாடு குட்டி ஈனும் காலமென்று வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். பொங்கல் கூட்டம் வடிந்தபின், குடியரசு நாள் கூட்டம் ஏறுமுன், நடுவில் உள்ள வாரம்தான் நமக்கு ஏற்றது.

ஓய்வு நாளை ஏன் மூன்றாம் நாளில் வைக்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு. முதல் நாள் களைப்பு இரவு உறக்கத்தில் தீர்ந்துவிடுவதுபோல் தோன்றும். மணிக்கட்டும் இடுப்பும் இரண்டாம் நாள் மாலைதான் வாய் திறக்கும். மூன்றாம் நாளும் தொடர்ந்து ஓட்டினால், பின்னாலிருந்து பார்க்கும் எனக்குச் சில அடையாளங்கள் தெரியத் தொடங்கும். வளைவு முடிந்து இரண்டு கிலோமீட்டர் போனபின்னும் இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே இருக்கும். இடது வளைவில் வண்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டு வரும். முன்வண்டி நின்றபின்னரே பிரேக் விளக்கு எரியும். இவற்றைச் செய்கிறவருக்கு, தான் நன்றாக ஓட்டிக்கொண்டிருப்பதாகவே எண்ணம் இருக்கும். கேட்டால் களைப்பே இல்லை என்பார். அதனால் யாருக்கு ஓய்வு வேண்டும் என்று கைதூக்கச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை; திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். அந்த நாள் இன்னொரு வேலையும் செய்யும். மழையோ, மண்சரிவோ, பஞ்சரோ இரண்டாம் நாளை விழுங்கிவிட்டால், பின்னால் வரும் விடுதிப் பதிவுகள் எதையும் கலைக்காமல் மூன்றாம் நாளில் அதை ஈடுகட்டிக்கொள்ளலாம்.

நான்காம் நாள் மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி. ஏறத்தாழ 118 கிலோமீட்டர், அதில் 58 இறக்கம். இந்தப் பயணத்தின் சிறந்த சாலை இதுதான் என்பது என் கட்சி. மூணாறில் குளிருக்கு ஜாக்கெட்டை மேல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்புவோம். தேயிலை முடிந்து யூக்கலிப்டஸ், அது முடிந்து மறையூரின் சந்தனக்காடு. மரத்துக்கு மரம் எண் எழுதி, கம்பிவேலி போட்டுக் காவல் வைத்திருப்பார்கள். பிறகு திடீரென்று கரும்பு வயலும் வெல்லம் காய்ச்சும் கொட்டகையும். அங்கே கொப்பரையிலிருந்து எடுத்து, சூடு ஆறுமுன் கையாலேயே உருட்டின வெல்லம் கிடைக்கும். உருண்டையின் மேல் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும். அதற்குக் கீழே மழைமறைவுப் பகுதி தொடங்கி, சின்னாறில் முள்மரமும் கள்ளியும் சூழ்ந்த வறண்ட காடு. இரண்டரை மணி நேர ஓட்டத்தில் சோலைக்காட்டிலிருந்து முட்காட்டுக்கு வந்துவிடுகிறோம். ஜாக்கெட் இருக்கைக்குப் பின்னால் கட்டப்பட்டிருக்கும். உங்கள் திட்டத்தில் இந்தச் சாலை இரண்டு முறை வருகிறது, ஒரு முறை மாலைக் களைப்பில், ஒரு முறை அதிரப்பள்ளி அவசரத்தில். ஒரே முறை வரட்டும், நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டு.

ஸ்கூட்டர்கள் இரண்டும் இந்த இறக்கத்தில் குழுவின் முன்பாதியில், லீட் வண்டிக்கு அடுத்து வர வேண்டும். அவர்கள் நிறுத்தினால் எல்லாரும் நிற்போம். நிறுத்தக் கேட்டு ஒருவர் பின்னாலிருந்து ஓடிவர வேண்டியிருக்காது. பன்னிரண்டு வண்டிகளை ஆறு ஆறாகப் பிரித்து, பதினைந்து நிமிட இடைவெளியில் விடுவதும் நல்லது. மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆறு வண்டிகளால் ஒதுங்கி நிற்க முடியும். பன்னிரண்டு வண்டிகள் ஒரே வளைவில் ஒதுங்கினால் எதிரே வரும் பேருந்து எங்கே திரும்பும்?

ஐந்தாம் நாள் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, 64 கிலோமீட்டர். ஆழியாறு சாவடியைத் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகையோடு. ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். அந்தப் பாறைகளில் வரையாடு வந்து நிற்பதும் உண்டு. ஆழியாறுக்கும் வால்பாறைக்கும் இடையே பெட்ரோல் நிலையத்தை நம்பாமல், பொள்ளாச்சியிலேயே எல்லா டாங்கும் நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து லிட்டர் டாங்க் உள்ள ஸ்கூட்டர், இருவர் ஏறி மலை ஏறும்போது சமவெளி மைலேஜ் தராது என்பதை அதன் சொந்தக்காரர்கள் அறிவார்கள். வால்பாறைக்கு இ-பாஸ் தேவையா என்பதைப் புறப்படும் வாரத்தில் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்வதைக் குழு ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஆறாம் நாள் வால்பாறையில் இரண்டாவது ஓய்வு. புதுத்தோட்டம் பக்கம் காலையில் நடந்து போனால் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டியில் உறுமிக்கொண்டு போனால் அவை தெரியாது. மற்றபடி அன்றைக்குத் திட்டம் எதுவும் போடாதீர்கள்.

ஏழாம் நாள் 290 கிலோமீட்டர், என் திட்டத்தின் மிக நீண்ட நாள். இதை மறைக்கவில்லை. ஓய்ந்த உடம்போடு காலை ஏழு மணிக்கு இறங்கத் தொடங்குகிறோம், பத்தரைக்குள் பொள்ளாச்சி. மலை வேலை காலையிலேயே முடிந்துவிடுகிறது, வழியில் பார்க்க வேண்டியதென்று எதுவும் இல்லை, மிச்சம் பழனி, திண்டுக்கல் வழியாக 83-ஆம் எண் நெடுஞ்சாலை. மாலை ஐந்து, ஐந்தரைக்குத் திருச்சி. யாருக்காவது முடியவில்லை என்றால் பழனியில் தங்கிவிட்டு மறுநாள் வரலாம். அவரோடு நானும் தங்குகிறேன்.

ஏழு நாள் விடுப்பு எல்லாருக்கும் கிடைக்காது என்பது உண்மையான தடை. விடுதிச் செலவும் மூன்று இரவுகள் கூடும். அதற்கு என் பதில், நான்கு நாள் மட்டும் கிடைக்கிறவர்கள் முதல் மூன்று நாளும் நம்மோடு வரட்டும். நான்காம் நாள் உடுமலை வரை சேர்ந்து இறங்கி, அங்கிருந்து பழனி, திண்டுக்கல் வழியாக வீடு திரும்பட்டும். மூணாறிலிருந்து திருச்சி அந்த வழியில் 280 சொச்சம். அவர்கள் மட்டும் மறையூரில் வெல்லத்துக்கு நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும். அவர்கள் பார்ப்பது ஒரு மலையைத்தான். ஆனால் வெளிச்சத்தில் பார்த்திருப்பார்கள்.

குழுவிடம் நான் கேட்பது மூன்று. அதிரப்பள்ளி விடுதிக்குக் கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று இந்த வாரமே கேளுங்கள்; கிடைக்காவிட்டாலும் அந்தத் தொகைக்காகத் திட்டத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். என் கணக்கில் பிழை இருந்தால், எந்தப் பகுதிக்கு எத்தனை நிமிடம் என்று உங்களுடைய எண்ணை எழுதி எல்லாருக்கும் அனுப்புங்கள்; நான் திருத்திக்கொள்கிறேன். இரண்டு ஸ்கூட்டர்களுக்கும் புறப்படுவதற்கு முந்தைய வாரம் புது பிரேக் லைனிங் போட வேண்டும் என்பதைப் பயண விதிகளில் சேருங்கள். அதற்கான செலவைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று நான் முன்மொழிகிறேன்; வழிமொழிய ஒருவர் வேண்டும்.

இப்படிக்கு,
கடைசி வண்டி ஓட்டும் உறுப்பினன்,
திருச்சிராப்பள்ளி.